எண்பத்திநான்கு, தொண்ணூற்றிரண்டு

என் லேப்டாப்பில் ஒரு பாட்டு இருக்கிறது. அதை யாருக்கும் போட்டுக் காட்டுவதில்லை. அழித்துவிடலாம்தான், ஆனால் அழித்தால் நான் செய்ததைச் சௌகரியமாக மறந்துவிடுவேன் என்று எனக்கே என்மேல் சந்தேகம். அதனால் அப்படியே கிடக்கிறது, 'ஃபைனல்' என்ற பெயரோடு.

நான் வெள்ளக்கடைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். காலையில் பேர் கூப்பிடுவது, யார் எந்தக் காட்டுக்கு என்று பிரித்து அனுப்புவது, சாயங்காலம் மூட்டை எண்ணுவது என் வேலை. நாள் முழுக்க நான் சொல்வதை மற்றவர்கள் கேட்டுக்கொள்கிற வேலை. அந்த வேலை ஒரு மனிதனுக்கு என்ன பழக்கத்தைக் கொடுக்கும் என்பதை அப்போது நான் யோசித்ததில்லை.

இது போக, எனக்குப் பாட்டுப் பைத்தியம். எங்கள் மாதா கோவிலில் கிதார் வாசிக்கிறேன். எஸ்டேட் குவார்ட்டர்ஸில் எனக்குக் கொடுத்த இரண்டு அறையில் ஒன்றை ரெக்கார்டிங் அறையாக்கிவிட்டேன். ஜன்னலுக்கு இரண்டு கம்பளி, கதவுக்கு ஒரு மெத்தை, ஒரு மைக், அதை லேப்டாப்போடு சேர்க்கிற ஒரு சின்னப் பெட்டி, இரண்டு ஹெட்போன். தகரக் கூரையில் குரங்கு குதித்தால் ரெக்கார்டிங் நிற்கும், மின்சாரம் போனாலும் நிற்கும். மற்றபடி ஸ்டுடியோதான். எல்லாம் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டது. அரைகுறையாகக் கற்றவனுக்கு இருக்கிற திமிர் முழுசாகக் கற்றவனுக்கு இருக்காது. எனக்கு நிறையவே இருந்தது.

அந்தத் திமிரின் முதல் சட்டம் கிளிக். ரெக்கார்டிங் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாடுகிறவர் காதில், ஹெட்போன் வழியாக, கடிகாரம் மாதிரி 'டிக் டிக்' என்று ஒரு தாளம் ஓடிக்கொண்டே இருக்கும். நாலு தட்டில் முதல் தட்டு கொஞ்சம் கூர்மையாகக் கேட்கும். அதைப் பிடித்துக்கொண்டு இன்று கிதார், நாளைக்குக் குரல், அடுத்த வாரம் மேளம் என்று தனித்தனியாகப் பதிந்தாலும் கடைசியில் எல்லாம் ஒன்றாக உட்காரும். கிளிக் இல்லாமல் பதிந்தால் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடக்கும். இது வரைக்கும் நான் கற்றது சரிதான்.

எங்கள் எஸ்டேட்டில் ஒரு அக்கா. ஐம்பது வயது இருக்கும். மிளகு பறிக்க ஏணி ஏறினால் இறங்கும்வரை பாடிக்கொண்டே இருப்பார். ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு, குருத்தோலை ஞாயிறு, அன்று ஓலை பிடித்துக்கொண்டு கோவிலுக்குப் போகிற பவனிக்கென்று அவரே ஒரு பாட்டுக் கட்டி, ஆறு வருடமாக அதைத்தான் முன்னால் நின்று பாடி வந்தார். ஆண்டவரைச் சுமந்து போன கழுதைக்குட்டியைப் பற்றிய பாட்டு. சரணத்தில் குட்டி கட்டுத்தறியில் நிற்கிறது. பல்லவியில் அவிழ்த்துக்கொண்டு நடக்கிறது. இதை எழுதும்போதே எனக்குக் காது சூடாகிறது. வார்த்தையிலேயே இருந்திருக்கிறது, எனக்குத்தான் ஏறவில்லை.

அந்த வருடம் தவக்காலம் தொடங்கியதும் ஃபாதர் என்னைக் கூப்பிட்டார். மாரமங்கலம், செம்மநத்தம் பக்கத்துக் கிளைக் கோவில்களிலும் அந்தப் பாட்டையே பாட வேண்டும் என்று ஆசைப்பட்டார். "நீங்க ரெக்கார்ட் பண்ணிக் குடுங்க, எல்லாரும் கேட்டு ஒரே மாதிரி கத்துக்கட்டும்" என்றார். அக்காவுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. அவர் கட்டிய பாட்டு, அவர் குரலில், அவர் போயிராத ஊர்களுக்கும் போகப்போகிறது.

மிளகு காயப் போட்டிருந்த களத்தில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், என் ஃபோனில் அவரைப் பாட வைத்தேன். கை தட்டிக்கொண்டு, நாலு சரணம் நாலு பல்லவி, முழுசாகப் பாடினார். வீட்டுக்கு வந்து முதல் சரணத்தை மட்டும் கேட்டேன். அதோடு சேர்ந்து விரலால் தட்டிப் பார்த்தேன். நிமிடத்துக்கு எண்பத்திநான்கு தட்டு. அவ்வளவுதான், ஃபோனை அணைத்துவிட்டேன். பாட்டு முழுவதற்கும் எண்பத்திநான்கில் ஒரே கிளிக் போட்டேன். அதன்மேல் என் கிதாரைப் பதிந்தேன். நன்றாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அக்கா வந்தார். பல்லவி சேர்ந்து பாட இரண்டு பெண்கள் கூட வந்தார்கள். ஒருத்தி அவர் கொழுந்தியாள், இன்னொருத்தி பக்கத்து வீட்டுக்காரி. ஹெட்போன் மாட்டியதும் அக்காவுக்குச் சிரிப்பு. "ஏனுங்க சார், காதுக்குள்ள பல்லி கத்தறாப்ல இருக்குதுங்க" என்றார்.

சரணம் கிட்டத்தட்ட அச்சு அசலாகக் கிளிக்கில் உட்கார்ந்தது. பல்லவி வந்தது. ஓடிவிட்டார். எட்டு வரி முடிவதற்குள் கிளிக்கைவிடக் கிட்டத்தட்ட மூன்று தட்டு முன்னால் போய் நின்றார்.

"அக்கா, ஓடறீங்க. காதுல வர்றத கேட்டுப் பாடுங்க."

"சரிங்க."

மறுபடியும் ஓடினார். மறுபடியும் நிறுத்தினேன். பத்தாவது முறைக்குப் பிறகு என் குரல் மாறிவிட்டது. காட்டில் வேலை சரியில்லை என்றால் வருகிற குரல் அது. அந்த இரண்டு பெண்களும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"உங்களுக்குத் தாளம் நிக்கலக்கா. மெஷின் பொய் சொல்லாது. சரணத்துல நிக்கற தாளம் பல்லவில ஏன் நிக்க மாட்டேங்குது? அவசரம்."

அக்கா ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தார். "இல்லீங்க சார், இப்பிடிப் பாடுனா எம்பாட்டு மாதிரியே இல்லீங்களே."

"பழகினா சரியாயிரும்" என்றேன்.

இருபதாவது முறையோ என்னவோ, கிளிக்கோடு ஒட்டிப் பாடி முடித்தார். ஒரு தட்டுகூடப் பிசகவில்லை. உயிரும் இல்லை. எனக்கு அது கேட்கவில்லை. திரையில் குரலின் அலைகள் கோட்டுக்குக் கோடு பொருந்தி நிற்பதைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன். செருப்பைப் போடும்போது அக்கா கொழுந்தியாளிடம் சொன்னது காதில் விழுந்தது. "இத்தன வருசமா தப்பாவே பாடிட்டு வந்துருக்கறன் போலருக்குது. ஊர் முன்னாடி." பிறகு என்னிடம் திரும்பி, "வர்ற ஞாயித்துக்கெழம பவனிக்கு வேற ஆரையாச்சும் முன்னாடி நின்னு பாடச் சொல்லுங்க சார். நாம் பொறவுக்கு நின்னுக்கறேன்" என்றார்.

கோபமில்லாமல்தான் சொன்னார். நானும் மறுத்துப் பேசவில்லை. அன்று சாயங்காலமே பாட்டுக்கு 'ஃபைனல்' என்று பெயர் போட்டு ஃபாதருக்கு அனுப்பினேன். அவர் கிளைக் கோவில்களுக்கு அனுப்பினார்.

பஸ் ஸ்டாண்டை ஒட்டிய வளைவில் என் நண்பர் பாய் ஒருவர், மிளகு, ஏலக்காய், காப்பித்தூள் விற்கிற கடை வைத்திருக்கிறார். டோலக் நன்றாக வாசிப்பார். பாட்டுக்கு மேளம் சேர்க்கலாம் என்று இரண்டு நாள் கழித்து அவரிடம் போய், கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று, என் ஃபோனில் போட்டுக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். முதல் பல்லவியிலேயே கண்ணைத் திறந்தார்.

"ஏன் ரைட்டரே, இது வருசா வருசம் நம்ம கடை முன்னாடி நின்னு பாடிட்டுப் போவாங்களே, அந்தப் பாட்டுதானுங்க?"

"அதேதான்."

"அப்புறம் ஏன் தூங்குது? இதுக்கு எப்பிடிங்க நடப்பாங்க?"

எனக்குப் புரியவில்லை. அவரே கடைக்கு வெளியே வந்து காட்டினார். பவனி அந்த வளைவில் நிற்குமாம். பஸ்ஸுக்கு வழி விட வேண்டும், பின்னால் வரும் வயசானவர்கள் வந்து சேர வேண்டும். நிற்கிற நேரத்தில் அக்கா சரணம் பாடுவார். எல்லாரும் வந்து சேர்ந்ததும் பல்லவியை எடுப்பார், கூட்டம் நடக்கத் தொடங்கும். அடுத்த வளைவில் மறுபடியும் நிற்கும், மறுபடியும் சரணம். "நிக்கறதுக்கு ஒரு வேகம், நடக்கறதுக்கு ஒரு வேகம். அந்தம்மா பாட்டுலதானுங்க மொத்தக் கூட்டமும் நின்னு நின்னு போவுது. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. நான் அந்தப் பவனியில் ஒருநாளும் நடந்ததில்லை. ஆறு வருடமும் கோவிலுக்குள் மைக்கும் கிதாரும் சரி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்கள் வாசலுக்கு வந்து சேரும்போது பாட்டின் வால் மட்டும் என் காதில் விழும். ஊரில் ஏலக்காய் விற்கிறவருக்கும், அன்று மலை ஏறி வந்த டூரிஸ்ட்டுக்கும் தெரிந்த விஷயம் கோவில் கிதார்காரனுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் களத்தில் பதிந்த அந்த ஃபோன் பதிவை முதல் முறையாக முழுசாகக் கேட்டேன். அதை லேப்டாப்பில் ஏற்றி நேரம் பார்த்தேன். சரணம் முப்பத்திரண்டு தட்டு, சுமார் இருபத்திரண்டரை விநாடி. பல்லவியும் முப்பத்திரண்டு தட்டுதான், ஆனால் இருபத்தொரு விநாடிகூட இல்லை. சரி, முதல் தடவை ஏதோ உற்சாகத்தில் ஓடியிருக்கலாம் என்று அப்போதும் எனக்கொரு நப்பாசை. இரண்டாவது சரணத்தைப் பார்த்தேன். மறுபடியும் இருபத்திரண்டரை. பல்லவி, மறுபடியும் இருபத்தொன்றுக்குள். நாலு தடவையும் அப்படியே.

தாளம் நிற்காதவர் ஓட ஆரம்பித்தால் ஓடிக்கொண்டே போவார். கிளம்பின இடத்துக்குச் சரியாகத் திரும்பி வந்து, மறுபடியும் அதே அளவு வேகம் எடுத்து, மறுபடியும் திரும்ப மாட்டார். இந்த அம்மாள் கையில் எதுவும் இல்லாமல், வெயிலில் களத்தில் நின்றுகொண்டு, அதைச் செய்திருக்கிறார். ஒரு வேகத்தில் தாளம் வைத்திருப்பதைவிட அது கஷ்டம்.

அத்தோடு விடாமல் இன்னொன்றும் செய்தேன். கிளிக்கை அணைத்துவிட்டு அதே பாட்டை நானே கிதாரில் வாசித்துப் பதிந்தேன். எண்பத்திநான்கில் ஆரம்பித்து தொண்ணூற்றேழில் போய் முடித்தேன், வழியில் எங்கும் திரும்பாமல். ஓடுகிற ஆள் யார் என்று மெஷின் சொல்லிவிட்டது. அதுதான் பொய் சொல்லாதாமே.

பிறகு உட்கார்ந்து டெம்போ மேப் போட்டேன். பாட்டின் எந்த இடத்தில் என்ன வேகம் என்று கிளிக்குக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கிற வேலை அது. முதலில் சோம்பேறித்தனமாக, சரணத்துக்கு எண்பத்திநான்கு, பல்லவியின் முதல் தட்டிலிருந்து தொண்ணூற்றிரண்டு என்று இரண்டு எண்ணைப் போட்டுவிட்டேன். கேட்டால் ஹேர்பின் வளைவில் புது டிரைவர் கியர் மாற்றினது போலத் தூக்கிப் போட்டது. அக்காவின் பாட்டில் அந்தக் குலுக்கல் இல்லை. அதனால் ஒவ்வொரு நாலு தட்டுக்கும் முதல் தட்டு எங்கே விழுகிறது என்று அவர் கைதட்டலைப் பார்த்துப் பார்த்து, திரையில் இருக்கிற கோட்டை அங்கே இழுத்து வைத்தேன். அப்போதுதான் தெரிந்தது. சரணத்தின் கடைசி எட்டுத் தட்டில், நாலு நாலாக, அவர் மெல்ல ஏறுகிறார். எண்பத்தாறு, எண்பத்தொன்பது, அப்புறம் பல்லவியில் தொண்ணூற்றிரண்டு. கூட்டத்துக்குக் கால் எடுக்கச் சொல்லிக் கொடுக்கிற சைகை அது. இறங்கும்போது அப்படியில்லை. பல்லவி முடிந்ததும் இரண்டு தட்டு மூச்சு வாங்கிவிட்டு, நேராக எண்பத்திநான்கில் வந்து நிற்கிறார்.

வேகத்தில் ஒரு எண் இரண்டு எண் கூடக் குறைய இருந்ததை மட்டும் சமன் செய்து, அந்த வடிவத்தைக் கிளிக்காக மாற்றினேன். என் பழைய கிதார் அதற்கு ஒத்துவரவில்லை. வேகத்தை மாற்றினால் கிளிக்தான் மாறும், ஏற்கனவே பதிந்த ஒலி இருந்த இடத்திலேயே கிடக்கும். பல்லவி வந்ததும் கிதார் பின்தங்கி நொண்டியது. தூக்கி எறிந்துவிட்டு முதலிலிருந்து வாசித்தேன். மூன்று மாலை ஆனது.

இனி அக்காவிடம் சொல்ல வேண்டும். இங்கேதான் நான் செய்த கேவலம். அவரை நான் குறை சொன்னது இரண்டு பேர் முன்னால். திருத்திச் சொல்வதும் அவர்கள் முன்னால்தானே? வெள்ளிக்கிழமை காலை பேர் கூப்பிட்டு முடித்ததும், நாற்பது பேர் நிற்கிற இடத்தில், அவரைத் தனியாக ஓரமாகக் கூப்பிட்டேன்.

"அக்கா, மெஷின்ல ஒரு சின்னக் கோளாறு. நாளைக்கு வந்து இன்னொரு தடவ பாடிக் குடுங்க."

மெஷின்மேல் பழியைப் போட்டேன். ஃபாதருக்கும் அதையே சொன்னேன்.

சனிக்கிழமை வேலை முடிந்து மூன்று பேரும் வந்தார்கள். ஹெட்போன் மாட்டினேன். சரணம் நன்றாக வந்தது. கிளிக் எண்பத்தாறுக்கு ஏறியது, எண்பத்தொன்பதுக்கு ஏறியது. அக்கா ஏறவில்லை. பல்லவி முழுக்க எண்பத்திநான்கிலேயே, பல்லைக் கடித்துக்கொண்டு, கிளிக்குக்குப் பின்னாலேயே பாடினார். அவரே நிறுத்திவிட்டார்.

"மன்னிச்சுக்கங்க சார். மறுக்கா தப்பாயிருச்சுங்க. ஊட்ல சாமான் கழுவறப்பக்கூட தட்டித் தட்டிப் பாத்தனுங்க, ஓடவே கூடாதுன்னு. நொம்ப கவனமாத்தான் இருந்தேன்."

ஆறு வருடமாக ஒரு ஊரையே நடத்திக்கொண்டு போன வேகத்தை, பாத்திரம் கழுவுகிற இடத்தில் வைத்து ஒரே வாரத்தில் தேய்த்துத் தேய்த்து எடுத்திருக்கிறார். நான் சொன்னேன் என்பதற்காக.

ஸ்பீக்கரைப் போட்டேன். களத்தில் அவர் பாடியதை ஓடவிட்டு, அதன்மேல் புதுக் கிளிக்கைச் சேர்த்துக் கேட்க வைத்தேன். சரணத்தில் அவர் கைதட்டலும் கிளிக்கும் ஒன்றாக விழுந்தன. இரண்டும் சேர்ந்து ஏறின. பல்லவியிலும் ஒன்றாகவே நடந்தன.

"இது நீங்க பாடினதுல இருந்து எடுத்த தாளம்க்கா. அன்னிக்கே நீங்க பாடினதுதான் சரி. நான் முதல் சரணத்த மட்டும் கேட்டுட்டு, மீதியக் கேக்காம தப்பா போட்டுட்டேன். மெஷின் கோளாறெல்லாம் ஒண்ணுமில்ல, அதுவும் பொய். உங்களுக்குத் தாளம் நிக்கலன்னு சொன்னது என் தப்பு."

கொழுந்தியாள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அக்கா பார்க்கவில்லை. ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நாந் தப்பில்லீங்களா?"

"இல்லீங்க்கா."

"நெசமாவா?"

இரண்டாவது முறை கேட்டதுதான் தாங்க முடியவில்லை. நெசம் என்றேன். அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, "பாடிரலாமுங்க" என்று மட்டும் சொன்னார்.

ஆனால் உட்கார்ந்தபடி அந்த வேகம் திரும்ப வரவில்லை. கடைசியில் அவர் ஹெட்போனைக் கழற்றச் சொன்னேன். காலடிச் சத்தம் மைக்கில் விழாமல் இருக்கத் தரையில் இரட்டையாக மடித்த கம்பளி விரித்து, மூன்று பேரையும் செருப்பில்லாமல் நிற்க வைத்தேன். சரணத்தில் நின்று பாடட்டும், பல்லவியில் இருந்த இடத்திலேயே நடக்கட்டும். கிளிக் என் காதில் மட்டும். நான் அதைக் கேட்டுத் தலையாட்ட, அவர்கள் என்னைப் பார்த்துப் பாடினார்கள். கால் அசைந்ததும் வேகம் வந்துவிட்டது. ஐந்தாவது முறை பதிந்தது நன்றாக இருந்தது. பாய் அதற்கு டோலக் வாசித்தார். ஃபாதரிடம் போய் உண்மையைச் சொல்லி, பழையதை எல்லாரும் அழித்துவிடும்படி சொல்லச் சொன்னேன்.

அடுத்த நாள் குருத்தோலை ஞாயிறு. அக்காவையே முன்னால் நிற்கச் சொல்லிக் கெஞ்சியிருந்தேன். கோவிலில் கிதாரை வைத்துவிட்டு முதல் முறையாக நானும் ஓலையோடு பவனியில் நடந்தேன். அக்காவுக்கு ஐந்தாறு ஆள் பின்னால். பாய் கடை வளைவில் கூட்டம் நின்றது. அவர் கடை வாசலில் நின்று எனக்குக் கை காட்டினார். அக்கா சரணத்தை எடுத்தார். குரல் கணீரென்று இருந்தது. பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். கடைசி வரி வந்தது. வேகம் ஏற வேண்டிய இடம்.

ஏறவில்லை. அக்கா கழுத்தைத் திருப்பி, கூட்டத்தில் தேடி, என் முகத்தைப் பார்த்தார். போகலாமுங்களா என்று கேட்கிற பார்வை.

முந்நூறு பேர் ஓலையைப் பிடித்தபடி காத்திருந்தார்கள். நான் அவசர அவசரமாகத் தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகுதான் அவர் பல்லவியை எடுத்தார்.